சம்பளம் தாமதமா? கடிதம் இப்படி இருக்கட்டும்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் மணமேல்குடி சகோதரர்களுக்குச் சொல்கிறோம். அங்குள்ள சட்டப்படி, மாதம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் தர வேண்டும். தாமதமானால் முதலாளிக்கு எழுத்தில் கேளுங்கள். முதலில் தமிழில் எழுதி, அதையே ஆங்கிலத்தில் மாற்றி, இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

"ஐயா, மார்ச் சம்பளம் 800 வெள்ளி ஏப்ரல் 7-க்குள் வந்திருக்க வேண்டும், இன்னும் வரவில்லை. ஏப்ரல் 17-க்குள் வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவு போதும். மாதம், தொகை, தேதி மூன்றும் இருந்தால் அதுவே உறுதி, மிரட்டல் வேண்டாம். நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாங்காத சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பதில் இல்லையேல், டி.ஏ.டி.எம். சமரச அமைப்பிடம் முறையிடலாம். வேலையில் இருப்பவருக்கு 1 ஆண்டு, விலகியவருக்கு 6 மாதம்தான் கெடு.