குடித்த பிறகு மாத்திரை: எத்தனை மணி நேரம் பொறுக்க வேண்டும்?

“அக்கா, அவர் இன்னிக்குக் கொஞ்சம் சாப்பிட்டுட்டு வந்திருக்கார். டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை இப்பக் கொடுக்கலாமா, இல்லே ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கொடுக்கட்டுமா?”

பக்கத்து வீட்டுப் பெண் இப்படி என்னிடம் கேட்டாள். வாய்விட்டுக் கேட்கக் கூசும் விஷயம்தான். ஆனால் இந்தச் சந்தேகம் பல வீடுகளில் இருக்கிறது. அன்று மாத்திரை வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லி அனுப்பினேன். மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு எங்கள் குடும்ப டாக்டரம்மாவிடம் போனேன். அவர் பொறுமையாகச் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணின் கணவருக்கு எழுதியிருந்தது அல்பிரசோலம், அரை மில்லிகிராம், ராத்திரி ஒன்று. ஒரு கல்யாண வரவேற்பில் எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் ஒரு குவார்ட்டர் பிராந்தி குடித்திருக்கிறார்.

முதலில், இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? மதுவும் தூக்க மாத்திரையும் மூளையை ஒரே வழியில்தான் மந்தப்படுத்துகின்றன. தூக்கம் மட்டும் ஆழமானால் பரவாயில்லை. மூச்சு விடுவதைக் கவனிக்கும் பகுதியும் சேர்ந்து மந்தமாகிவிடுகிறது. வாந்தி வந்தால் விழித்துக்கொள்ளும் உணர்வுகூட இல்லாமல் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். தனித்தனியே தாங்கக்கூடிய அளவுகள்கூடச் சேரும்போது உயிருக்கு ஆபத்தாகலாம்.

இனி கணக்குக்கு வருவோம். குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, விஸ்கி வகைகளில் நூற்றுக்குச் சுமார் 43 பங்கு சாராயச் சத்து. அதை எடைக்கு மாற்றினால் ஏறக்குறைய 60 கிராம் வரும். இதை அழிக்கும் வேலை பெரும்பாலும் ஈரலுடையது. நடுத்தர உடம்புக்காரரின் ஈரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் அழிக்கும்.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். எடை போட ஒரே ஆள். வரிசையில் பத்துப் பேர் நின்றாலும் ஐம்பது பேர் நின்றாலும் அவர் ஒரே வேகத்தில்தான் போடுவார். ஈரலும் அப்படித்தான். எலுமிச்சைச் சாறு, மோர், கருப்புக் காப்பி, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது, எதுவும் அந்த ஆளைச் சுறுசுறுப்பாக்காது.

60 கிராமை ஏழால் வகுத்தால் எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கடைசி மடக்கு பத்து மணிக்கு என்றால், அதிலிருந்து ஒன்பது மணி நேரம் கூட்டிக் காலை ஏழு மணி என்று வைத்துக்கொள்வது பத்திரம். ஈரல் பழுதானவருக்கு இன்னும் கூட ஆகும். “ரெண்டு மணி நேரம் போதும்” என்று கொடுத்திருந்தால், ஏறக்குறைய பாதி மது உடம்பில் இருக்கும்போதே மாத்திரை உள்ளே போயிருக்கும்.

அப்படியானால் விடியற்காலையில் கொடுக்கலாமா? “வேண்டாம்மா. பகலெல்லாம் தூங்கி வழிவார், வண்டி ஓட்டவும் முடியாது. அந்த ராத்திரி மாத்திரையை விட்டுடுங்க. மறுநாள் குடிக்கலேன்னா வழக்கமான நேரத்துல ஒண்ணு மட்டும் கொடுங்க. விட்டதுக்கும் சேர்த்து ரெண்டா கொடுத்துடாதீங்க” என்றார் டாக்டரம்மா.

இதுவரை சொன்னது குடித்தவருக்கு மாத்திரை கொடுக்கும் கணக்கு. ஆனால் நாம் மறந்துவிடும் கணக்கு இன்னொன்று உண்டு. நேற்று போட்ட மாத்திரை எங்கே போயிற்று? இங்கேதான் மருந்தின் “அரை ஆயுள்” வருகிறது.

ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரமே அதன் அரை ஆயுள். மது மாதிரி மணிக்கு இத்தனை என்று ஒரே அளவில் மருந்து குறைவதில்லை. அடியில் ஓட்டை விழுந்த குடத்தைப் போல, நிறைய இருக்கும்போது வேகமாகவும், குறையக் குறைய மெதுவாகவும் வெளியேறும். அல்பிரசோலத்துக்கு இது சுமார் 11 மணி நேரம். இரவு பத்துக்குப் போட்டால் காலை ஒன்பதுக்குப் பாதி இருக்கும். மாலை எட்டுக்குக் கால் பங்கு. அதாவது, அவர் கல்யாண வீட்டில் முதல் கிளாஸை எடுத்தபோது முந்தின நாள் மாத்திரையில் கால் பங்கு உள்ளே இருந்தது. ஏறக்குறைய ஐந்து அரை ஆயுள் கழிந்தால்தான் மருந்து அநேகமாகத் தீர்ந்தது என்று சொல்லலாம். இந்த மாத்திரைக்கு அது இரண்டே கால் நாளுக்கு மேல்.

டயசிபாம் என்ற மாத்திரை இன்னும் பொல்லாதது. அதன் அரை ஆயுள் பலருக்கு இரண்டு நாள்வரை போகும். வயதானவர்களுக்கு அதற்கும் மேல். இரண்டு நாள் என்றே வைத்துப் பாருங்கள். தினம் ஒன்று போடும்போது பழையது தீருமுன் புதியது சேர்கிறது. இரண்டு மூன்று வாரத்தில், இன்றைய மாத்திரையைத் தொடும் முன்பே இரண்டுக்கு மேற்பட்ட மாத்திரை அளவு உடம்பில் தங்கியிருக்கும்! “இன்னிக்கு மாத்திரை போடலே, அதனால குடிக்கலாம்” என்று அவர்கள் சொல்லும் சமாதானம் எடுபடாததற்கு இதுதான் காரணம். ஒரு நாள் விட்டால் உடம்பு காலியாகிவிடாது.

சரி, குடிக்கிறாரே என்று நாமே பயந்து மாத்திரையை அடியோடு நிறுத்திவிடலாமா? கூடாது. பல நாள் போட்டுவந்த இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். மெதுவாகக் குறைக்கும் முறையை டாக்டர்தான் சொல்லவேண்டும். அதேபோல், மேலே சொன்ன “ஒரு ராத்திரி விட்டுவிடலாம்” என்பது தூக்க மாத்திரைக்கு மட்டுமே. வலிப்பு, சர்க்கரை, இருதய மாத்திரைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். வலிப்பு மாத்திரை ஒரு வேளை தவறினாலே வலிப்பு வரக்கூடும். அவரவர் மாத்திரைக்கு என்ன விதி என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

நமக்குத் தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டார் என்றால்? “நல்லாத் தூங்கறார்” என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். தோளைப் பிடித்து உலுக்கிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண் திறந்து பதில் சொல்ல வேண்டும். எழுப்ப முடியவில்லை, மூச்சு நிமிஷத்துக்குப் பத்துக்கும் குறைவு, தொண்டையில் கரகரவென்ற சத்தம், உதடு நீலம் பாய்கிறது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வாயில் எதையும் ஊற்றக்கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அந்தப் பெண்ணின் கணவருக்கு டாக்டரம்மா மருந்துச் சீட்டையே மாற்றி எழுதினார். “குடிப்பார்னு முதல்லயே சொல்லியிருந்தா இதை எழுதியிருக்கவே மாட்டேன்” என்றார். மானம் போகும் என்று டாக்டரிடம் மறைப்பதால்தான் இந்தக் கணக்கையெல்லாம் நள்ளிரவில் நாம் போட வேண்டியிருக்கிறது. அடுத்த முறை போகும்போது எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் என்பதைச் சொல்லிவிட்டு, “இந்த மாத்திரையின் அரை ஆயுள் எவ்வளவு?” என்றும் கேளுங்கள். பதிலை மாத்திரை டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.