முதலில் எதைச் சரிசெய்வது?

பழைய கார் ஒன்றைப் பரிசோதனைக்கு விட்டால், மெக்கானிக் தரும் சீட்டில் வேலைகள் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். பானெட்டைத் திறந்தபோது கண்ணில் பட்டது முதலில், வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது தெரிந்தது பிறகு. அது அவர் பார்த்த வரிசை. உரிமையாளர் செலவு செய்ய வேண்டிய வரிசை அதுவல்ல.

ஒரு சிறிய பெட்ரோல் காரின் சீட்டில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: டேப்பட் கவர் பேக்கிங்கில் ஆயில் கசிவு, 1,200 ரூபாய். ரேடியேட்டர் ஹோஸ் உப்பியிருக்கிறது, 900. ஏசி கம்ப்ரசர், 16,000. பம்பர் பெயின்டிங், 6,500. முன் பிரேக் பேட் 2 மி.மீ., 1,800. லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் ஆட்டம், 5,200. மொத்தம் 31,600. கையில் பத்தாயிரம்தான் இருக்கிறது.

இதைச் சுருக்கி எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதை அப்படியே விட்டால் என்ன ஆகும்?

பால் ஜாயின்ட் கழன்றால், ஓடும்போதே முன்சக்கரம் மடங்கிவிடும். ஸ்டியரிங் கைக்கு அடங்காது. அதனால் சீட்டின் கடைசி வரி முதலிடத்துக்கு வருகிறது. அடுத்தது பிரேக் பேட். பெரும்பாலான கார்களில் 3 மி.மீ. வந்தாலே மாற்றிவிடுவார்கள். முழுதும் தேய்ந்தால் அடியிலுள்ள இரும்பு டிஸ்க்கைச் சுரண்டும். பிரேக் பிடிப்பது குறையும், டிஸ்க்கையும் மாற்ற வேண்டிவரும். இரண்டுக்கும் முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்பதால் ஒரே நாளில் செய்யச் சொல்லி, கூலியைக் குறைத்துக் கேட்கலாம்.

ஹோஸ் மூன்றாவது. அது வெடித்தால் கூலன்ட் முழுதும் கொட்டி இன்ஜின் சூடேறும், ஹெட் கேஸ்கெட் போகும். தொள்ளாயிரம் ரூபாயில் முடிவதைத் தள்ளிப்போட்டால் பல ஆயிரங்களில் வந்து நிற்கும். இந்த மூன்றுக்கும் 7,900 ரூபாய்.

மீதி உள்ளவற்றில் இரண்டை, மெக்கானிக்கிடம் கேட்காமல் தரம்பிரிக்க முடியாது. ஆயில் லேசாகக் கசிந்து தூசி படிந்திருந்தால், அளவு பார்த்துக்கொண்டு அடுத்த சர்வீஸ் வரை ஓட்டலாம். அதுவே சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். அப்போது இந்த 1,200 முதல் பட்டியலில் சேர வேண்டும். கம்ப்ரசரும் அப்படித்தான். குளிர்ச்சி மட்டும் இல்லையென்றால் காத்திருக்கலாம். அதன் பேரிங் சத்தம் போட்டால் கவனம் தேவை: பல கார்களில் ஆல்டர்னேட்டரையும் சில கார்களில் வாட்டர் பம்பையும் சுற்றுவது அதே பெல்ட்தான். பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்து வண்டி நடுவழியில் நிற்கும்.

பெயின்டிங் எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும்.

“ஆட்டம் இருக்கு”, “தேய்ஞ்சிருக்கு” என்று மட்டும் எழுதியிருந்தால் பணம் கட்டும் முன் நேரில் காட்டச் சொல்லுங்கள். வண்டியைத் தூக்கி, லோயர் ஆர்மைக் கம்பியால் நெம்பினால் பால் ஜாயின்ட் ஆடுவது உங்கள் கண்ணுக்கே தெரியும். ஆடினால், அதை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.