அடித்த ஆசிரியரைச் சந்திக்கும் முன்

குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் உடலளவில் தண்டிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தன் 17ஆம் பிரிவில் தடைசெய்து, மீறும் ஆசிரியர்மீது பணிவிதிகளின்படி நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. பிரம்படி மட்டுமன்றி, முழங்காலிட வைப்பதும் பெஞ்சின்மேல் நிற்க வைப்பதும் உடல் தண்டனையே எனத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் விளக்குகின்றன. “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்” என்று சேர்க்கையின்போதே சொல்லிவைக்கும் பெற்றோர் இன்றும் உண்டு. எனினும் அந்தச் சொல் ஆசிரியருக்கு எந்த அதிகாரத்தையும் அளிப்பதில்லை.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணக்குப் பாடக் குறிப்பைத் தொடர்ந்து எழுதாமல் வந்ததால் உள்ளங்கையில் அடிபட்டு, வகுப்புக்கு வெளியே முழங்காலிட வைக்கப்பட்டாள் என்று கொள்ளலாம். அன்று மாலையே நடந்ததை அவளிடம் குறுக்கிடாமல் கேட்டு, தேதியுடன் எழுதிவைத்து, தழும்பு இருந்தால் படமெடுத்துக்கொள்ளும் பெற்றோர், மறுநாள் வகுப்பு வாசலில் பிற மாணவர் முன்னிலையில் வாதிடாமல், தலைமையாசிரியர் வழியாக நேரம் கேட்டுப் பெறுவது நல்லது. ஏனெனில் வகுப்பின் முன் தலைகுனிய நேர்ந்த ஆசிரியர் தம்மைக் காத்துக்கொள்வதிலேயே முனைவார், அதன் கசப்பும் பிள்ளையின்மேல்தான் இறங்கும்.

சந்திப்பில் முதலில் கேட்கத்தக்கது, “ஏன் அடித்தீர்கள்?” என்பதன்று, “எந்தப் பாடவேளையில், எத்தனை நாளாக எழுதாமல் இருக்கிறாள்?” என்பதே. கரும்பலகையில் எழுதித் தரும் பாடங்களில் மட்டும் குறிப்பு விடுபட்டு, சொல்லச் சொல்ல எழுதும் பாடங்களில் நிறைவாக இருந்தால், அது சோம்பலாக இல்லாமல், தூரத்து எழுத்து தெரியாத கிட்டப்பார்வையாக இருக்கக்கூடும். அவ்வாறாயின் கண் பரிசோதனையும் முன்வரிசை இருக்கையுமே தீர்வாகும், பிரம்பு அதைத் தீர்க்காது. இவ்வாறு காரணத்தை இருவரும் சேர்ந்து தேடிய பிறகு, அடியும் முழங்காலிடலும் இனிக் கூடாது என்பதைப் பெற்றோர் தணிந்த குரலில், ஆனால் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிவிட வேண்டும். இதை நாகரிகம் கருதி விழுங்கிவிடும் பெற்றோரே மிகுதி. எழுதாத நாளில் நாட்குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியனுப்புவது, வீட்டில் அதற்குக் கையொப்பமிடுவது, இரண்டு வாரம் கழித்து மீண்டும் பேசுவது என ஒப்புக்கொண்டவற்றை அன்றே சிறு கடிதமாக ஆசிரியருக்கு அளித்து, நகலொன்றை வைத்துக்கொள்வது உறவையும் காக்கும், பின்னர் தேவைப்பட்டால் சான்றாகவும் நிற்கும்.

அடி தொடர்ந்தால் தலைமையாசிரியரிடமும், அரசுப் பள்ளியாயின் முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்தில் முறையிடலாம். அதற்கும் பலனில்லையெனில், கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அதிகார அமைப்பிடம் மனு அளிக்கலாம். அது மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், முடிவில் நிறைவில்லாதவர் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். காயம் கடுமையாகவோ தண்டனை பாலியல் தன்மையுடையதாகவோ இருந்தால், இந்தப் பொறுமையான வழி பொருந்தாது. அப்போது மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே செல்ல வேண்டும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்க வேண்டும், ஆசிரியருடனான பேச்சுக்காகக் காத்திருக்கலாகாது.