ரீஃபண்ட் வரவில்லையா? இந்த எண்ணைக் கேளுங்கள்

ஆர்டரை ரத்து செய்ததும் ‘பணம் அனுப்பிவிட்டோம்’ என்கிறது ஆன்லைன் கடை. கணக்கிலோ வரவு இல்லை. புகார் மின்னஞ்சலில் முதலில் கேட்க வேண்டியது ரீஃபண்டின் குறிப்பு எண். கார்டுக்கு ஏ.ஆர்.என்., யு.பி.ஐ.க்கு யு.டி.ஆர். என்பார்கள். பணம் உண்மையிலேயே கிளம்பியிருந்தால் அந்த எண்ணை வைத்து வங்கியில் தேடலாம். எண் தராமல் இழுத்தடித்தால், பணம் இன்னும் கடையிடமே இருக்கலாம்.

இப்படி எழுதலாம்: “1,499 ரூபாய் மிக்சி ஆர்டரை மார்ச் 3 அன்று ரத்து செய்தேன். ஏழு நாளில் பணம் வரும் என்றீர்கள். 14ஆம் தேதியாகியும் வரவில்லை. குறிப்பு எண்ணை அனுப்புங்கள்.” ஆர்டர் எண்ணையும் வங்கி அறிக்கையையும் சேர்த்து, குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.