தீக்குச்சி உரசாத சனிக்கிழமை

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் சனிக்கிழமை என்றால் கூலி போடும் நாள். தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆபீசிலும் வாரக் கணக்கை முடித்து, பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பெண்கள் கடைத்தெருவுக்கு வருவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, அதே சனிக்கிழமையில் ஒரு தீக்குச்சியைக்கூட உரசாத மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும். யூத சமயத்தை முதல்முதலாகச் சந்திக்கும் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான் தயாரித்த பயிற்சித்தாள் அதனால்தான் நெருப்பிலிருந்து தொடங்குகிறது.

நாங்கள் படித்த காலத்தில் அந்தப் பாடம் ஒரே வாக்கியம். யூதர்களின் ஓய்வுநாள் சனிக்கிழமை என்று கரும்பலகையில் இருக்கும், எழுதிக்கொள்வோம். திருநாள்கள் ‘பொருத்துக’ பகுதியில் வரும். பஸ்கா என்ற சொல் வேதக் கோயிலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துக் கோடு இழுப்போம். மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்த மக்கள் வெள்ளிக்கிழமை மாலையில் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இன்றைய பிள்ளைகளின் நிலை வேறு. இஸ்ரேல் என்ற பெயரைப் போர்ச் செய்தியில் கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்கே வருகிறார்கள். ஒரு சமயத்தை அதன் அடுப்படியிலிருந்தும் விளக்கடியிலிருந்தும் அறிமுகப்படுத்துவது அன்றைவிட இன்றுதான் அவசரமாகத் தோன்றுகிறது.

தாளின் முதல் கணக்கு இது. வெள்ளிக்கிழமை நம்மூரில் சூரியன் 6.20க்கு மறைகிறது என்று வைத்துக்கொள்வோம். யூத வீட்டில் அதற்கு 18 நிமிடம் முன்பாக, அதாவது 6.02க்கு, ஓய்வுநாள் விளக்கை ஏற்றிவிட வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்தான் ஏற்றுவார். அதன் பிறகு நெருப்பைப் பற்றவைக்கக் கூடாது, அணைக்கவும் கூடாது. சமையல் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். மறுநாள் மதியத்துக்குச் சூடான உணவு வேண்டுமானால், முன்பே மூட்டிய தணலின் மேல் வைத்துவிடுவார்கள். சனிக்கிழமை இரவு வானத்தில் மூன்று விண்மீன்கள் தெரியும்போது, சுமார் ஏழு மணிக்கு, ஓய்வுநாள் முடியும். 6.02 முதல் மறுநாள் 7 மணி வரை எவ்வளவு நேரம் என்று கேட்டால், 25 மணிக்கு இரண்டு நிமிடம் குறைவு என்று பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் இடறுவது இதற்கு முந்தைய படியில். ஓய்வுநாள் எப்போது தொடங்குகிறது என்ற கேள்விக்கு ‘சனிக்கிழமை காலை’ என்று எழுதியிருந்தால், அந்தப் பிள்ளைக்கு யூத நாள் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. சுவரில் தொங்கும் காலண்டரில் நள்ளிரவில் தொடங்குகிறது. யூதருக்கு அது சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிறது. இந்த மூன்றையும் ஒரே கோட்டில் வரைந்து காட்டிவிட்டால், பிறகு எந்தத் திருநாளும் ஏன் முந்தைய மாலையே தொடங்குகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஓய்வுநாள் முடிந்ததும் அவர்கள் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று நெருப்பு மூட்டுவது. திராட்சரசம், நறுமணப் பொருள், பல திரிகளை முறுக்கிச் செய்த மெழுகுவர்த்தி ஆகியவற்றை வைத்து ஹவ்தாலா என்ற சிறிய சடங்கைச் செய்து வாரத்தைத் திறப்பார்கள். வேலை நாளின் அடையாளமே நெருப்பு. தீக்குச்சி அடுக்கிய வீட்டுப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு? ஓய்வுநாள் கட்டளையில் இன்னொன்றும் உண்டு. ஓய்வு வீட்டுத் தலைவனுக்கு மட்டும் அல்ல. மகன், மகள், வேலைக்காரர், கால்நடை, ஊரில் தங்கியிருக்கும் அயலார் எல்லோருக்கும் உரியது. ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் பிள்ளைகளே தீப்பெட்டி வேலைக்குப் போனார்கள். வீட்டில் பெட்டி ஒட்டிய கைகளுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றாகவே இருந்தன. அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று வகுப்பில் உட்கார்ந்து இந்தக் கட்டளையைப் படிக்கிறார்கள்.

திருநாள்களுக்கு வரும்போது ஏழு பெயர்களையும் ஒரே மூச்சில் கொட்டும் பழைய முறையை விட்டுவிட்டேன். பஸ்கா ஒன்றை எடுத்துக்கொண்டு, அது ஏன் தேதி மாறி வருகிறது என்று கேட்கிறேன். பஸ்கா தொடங்கிய மாலை 2024இல் ஏப்ரல் 22, 2025இல் ஏப்ரல் 12, 2026இல் ஏப்ரல் 1. ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே வந்துகொண்டிருந்தது. 2027இல் சட்டென்று ஏப்ரல் 21க்குப் பின்னே போய்விடுகிறது. இதற்குப் பக்கத்தில் தீபாவளித் தேதிகள்: 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. எங்கள் ஊரில் தீபாவளித் தேதி தெரியாத பிள்ளை இல்லை. வீட்டு வரவுசெலவே அதை வைத்துத்தான். இரண்டும் ஏன் ஒரே மாதிரி நகர்கின்றன என்ற கேள்விக்கு விடையும் ஒன்றே. நிலவின் பன்னிரண்டு மாதங்களுக்கு 354 நாள். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. அந்தக் குறை சேர்ந்துகொண்டே போனால் ஒரு மாதத்தைக் கூட்டிச் சரிசெய்ய வேண்டும். நம் பக்கம் அதை அதிக மாதம் என்கிறார்கள். யூதர் 19 ஆண்டில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டுகிறார்கள். பத்தொன்பதைப் பதினொன்றால் பெருக்கினால் 209. ஏழு மாதத்தை முப்பதால் பெருக்கினால் 210. தோராயக் கணக்குத்தான் என்றாலும், ஏன் ஏழு என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். பஸ்கா வசந்தத்தில், வாற்கோதுமை முற்றும் மாதத்தில் வர வேண்டும் என்பது வேத விதி. அதைக் காப்பாற்றவே இந்த ஏற்பாடு. மாதம் கூட்டாத இஸ்லாமிய ஆண்டில் ரம்ஜான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவதையும் இதே அட்டவணையில் சேர்த்தால் பாடம் நிறைவாகிவிடும்.

இவ்வளவையும் காகிதத்தில் செய்யலாம். ஆனால் இந்த நாள்களை வாழ்ந்த மனிதர்கள் மலைக்கு அந்தப் பக்கமே இருந்தார்கள். கொச்சியின் மட்டாஞ்சேரியில் பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. அரண்மனையை ஒட்டிய நிலத்தைக் கொச்சி அரசர் கொடுத்தார். அதற்கும் மிக முன்னே, சுமார் கி.பி. 1000இல், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்குப் பல்லக்கு, குடை போன்ற சிறப்புரிமைகளை வழங்கிய செப்பேடு இருக்கிறது. எழுத்து வட்டெழுத்து. அதன் படத்தைத் தாளில் சேர்த்திருக்கிறேன். அந்தத் தொலைதூர சமயம் நம் பழைய எழுத்திலேயே பதிவாகியிருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்பதற்காக.

அன்று கொச்சி யூத வீடுகளில் பஸ்காவுக்கான ஆயத்தம் மாதக்கணக்கில் நடந்தது. அந்த எட்டு நாளும் புளித்த மாவின் துணுக்குகூட வீட்டில் இருக்கக் கூடாது என்பதால், சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். கிணற்றை இறைத்துக் கழுவுவார்கள். அரிசியையும் மசாலாச் சாமான்களையும் முறத்தில் போட்டுத் திரும்பத் திரும்பப் பொறுக்குவார்கள். ஐரோப்பிய யூதர் பலர் பஸ்காவில் அரிசியைத் தொடுவதில்லை. கொச்சியில் அரிசி உண்டு, ஆனால் ஒரு கோதுமை மணிகூட அதில் கலந்திருக்கக் கூடாது. சுக்கோத் திருநாளில் தங்கும் பந்தலுக்குத் தென்னங்கீற்று வேய்ந்தார்கள். அந்தப் பருவத்தின் முடிவில் வரும் சிம்ஹாத் தோராவுக்கு, வேதச் சுருள்களை ஏந்திக்கொண்டு ஜெப ஆலயத்துக்கு வெளியேயும் பாடிச் சுற்றிவந்தார்கள். பெண்கள் மலையாளத்தில் பாடிய சமயப் பாடல்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்தார்கள். கேரளத்தில் அன்று எட்டு ஜெப ஆலயங்கள். இந்திய விடுதலையை ஒட்டிய காலத்தில் சுமார் 2400 யூதர்.

1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போனார்கள். யாரும் துரத்தவில்லை; வேத நிலத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற நெடுநாள் வேண்டுதல் அவர்களை அழைத்துப்போனது. நெகேவ் பாலையிலுள்ள நெவாதிம் என்ற குடியேற்றத்தில் கொச்சிக்காரர்கள் பயிர்செய்தார்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் மரவேலைப்பாடுகள் இன்று எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சேந்தமங்கலத்திலும் பரவூரிலும் ஜெப ஆலயங்கள் புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகங்களாக நிற்கின்றன. பரதேசி ஜெப ஆலயத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், சனிக்கிழமை அடைப்பு. ஜூ டவுன் தெருவில் மசாலாக் கடைகளும் பழம்பொருள் கடைகளும் நிறைந்துவிட்டன; யூத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

போனவர்களுக்குக் கிடைத்தது பெரிது. அங்கே நாடு முழுவதற்கும் சனிக்கிழமை விடுமுறை. பஸ்காவுக்குப் பள்ளிக்கூடமே அடைப்பு. இங்கே ஒவ்வொரு வாரமும் கடைக்காரரிடமும் அதிகாரியிடமும் சொல்லிக் காப்பாற்றிய நாள் அங்கே கேட்காமலே கிடைத்தது. இழந்ததும் சிறிதல்ல. பேரப்பிள்ளைகள் எபிரேயம் பேசி வளர்ந்தார்கள். நோட்டுப் புத்தகப் பாட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் பாட்டிமாரோடு குறைந்துபோனார்கள். திருநாள் விளக்குகளைப் பார்க்க வந்த இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ அக்கம்பக்கமும் அங்கே இல்லை.

தாளின் கடைசிக் கேள்வியை இந்தக் கொச்சியை வைத்தே அமைத்திருக்கிறேன். மரபான முறையில், பொது வழிபாட்டுக்கு 13 வயது நிரம்பிய ஆண்கள் பத்துப்பேர் கூட வேண்டும். மினியான் என்று அதற்குப் பெயர். ஊரில் ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு, எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பிள்ளைகள் இரண்டு பத்தியாகப் பிரிக்க வேண்டும். ஓய்வுநாள் விளக்கை ஏற்றலாம். திராட்சரசத்தை ஆசீர்வதித்து வீட்டில் உண்ணலாம். பஸ்கா விருந்து வைத்து எகிப்திலிருந்து விடுபட்ட கதையைச் சொல்லலாம். புத்தாண்டுக்கு ஆட்டுக்கடா கொம்பு ஊதலாம். யோம் கிப்பூர் நோன்பு இருக்கலாம். கீற்றுப் பந்தல் போடலாம். ஆனால் சுருளைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஆசீர்வாதம் சொல்லி, சபையில் வாசிக்க முடியாது. இறந்தவருக்காக உறவினர் சொல்லும் கதிஷ் என்ற துதியைச் சொல்ல முடியாது. மட்டாஞ்சேரியில் பல ஆண்டுகளாக இந்த இரண்டாவது பத்தி வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளை நம்பியே இருந்துவருகிறது. பத்தாவது ஆள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் போதும், சுருளைத் திறக்கலாம். இதை வகுப்பில் சொன்னதும் பிள்ளைகள் கேட்கும் அடுத்த கேள்வி, பெண்களைச் சேர்த்து எண்ணினால் ஆகாதா என்பது. சீர்திருத்தப் பிரிவு யூதர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். கொச்சியார் பழைய முறைக்காரர், எண்ணியதில்லை. இரண்டு விடையையும் எழுதிக்கொள்ளத் தாளில் இடம் விட்டிருக்கிறேன்.