ஆறு வரிகளில் ஒரு பொருளாதாரம்

1979 அக்டோபர் 6, சனிக்கிழமை மாலை. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர் பால் வோல்க்கர் நிருபர்களை அவசரமாக அழைத்தார். நாட்டில் புழங்கும் பணத்தின் அளவை இனி கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம், வட்டி எங்கே போனாலும் போகட்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அப்போது அங்கே விலைவாசி ஆண்டுக்கு சுமார் 12 சதவீத வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்து என்ன நடக்கும் என்று கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும் மாணவரைக் கேட்டிருந்தால், யோசிக்காமல் மூன்று பதில் சொல்லியிருப்பார்: வட்டி உயரும், உற்பத்தி குறையும், விலை இறங்கும். எவ்வளவு, எப்போது என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. திசையை மட்டும் சொல்லலாம். அதற்கு அவர் மனதில் ஒரு சின்ன அட்டவணை இருந்தால் போதும்.

| என்ன நடந்தது? | வட்டி | உற்பத்தி | விலை |
|---|---|---|---|
| அரசு செலவைக் கூட்டுகிறது அல்லது வரியைக் குறைக்கிறது | உயரும் | கூடும் | ஏறும் |
| மக்களும் நிறுவனங்களும் பயந்து செலவைச் சுருக்குகிறார்கள் | குறையும் | குறையும் | இறங்கும் |
| மத்திய வங்கி பணத்தைத் தாராளமாக விடுகிறது | குறையும் | கூடும் | ஏறும் |
| மத்திய வங்கி பணத்தை இறுக்குகிறது | உயரும் | குறையும் | இறங்கும் |
| எண்ணெய் விலை ஏறுகிறது, வறட்சி வருகிறது | உயரும் | குறையும் | ஏறும் |
| நல்ல மழை, செலவைக் குறைக்கும் புதிய தொழில்நுட்பம் | குறையும் | கூடும் | இறங்கும் |

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டு கேள்விகள் கேட்டால் தானாக வந்துவிடும். முதல் கேள்வி: அடி விழுந்தது வாங்குபவர் பக்கமா, உற்பத்தி செய்பவர் பக்கமா? வாங்குபவர் பக்கம் என்றால் உற்பத்தியும் விலையும் ஒரே திசையில் நகரும். கூட்டம் கூடினால் சரக்கும் அதிகம் போகும், விலையும் ஏறும். உற்பத்தி பக்கம் என்றால் இரண்டும் எதிரெதிராகப் போகும். சரக்கு குறையும், இருக்கிற சரக்கு விலை ஏறும்.

வாங்குபவர் பக்கம் என்று தெரிந்தால் இரண்டாவது கேள்வி. அது செலவு செய்யும் ஆசையில் தொடங்கியதா, பணத்தின் அளவில் தொடங்கியதா? அரசு கடன் வாங்கிச் சாலை போடும்போது கடனுக்குப் போட்டி கூடுகிறது. அதனால் உற்பத்தியோடு வட்டியும் சேர்ந்து உயரும். மத்திய வங்கி பணத்தைத் தாராளமாக விட்டால் முதலில் வட்டி குறையும். அதைப் பார்த்துத்தான் வீடு கட்டுகிறவரும் தொழிற்சாலை விரிவாக்குகிறவரும் கடன் வாங்க வருவார்கள். ஆக இங்கே வட்டியும் உற்பத்தியும் எதிரெதிர்.

எண்ணெய் வரியில் வட்டி ஏன் உயர்கிறது என்பது பலருக்கும் குழப்பம். நாட்டில் பணம் அதே அளவுதான் இருக்கிறது. ஆனால் அரிசியிலிருந்து பேருந்துக் கட்டணம் வரை எல்லாம் விலை ஏறிவிட்டதால் அன்றாடம் கைமாற அதிகப் பணம் தேவைப்படுகிறது. தேவைக்குப் பணம் போதாதபோது அதன் வாடகையான வட்டி ஏறுகிறது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பேரல் சுமார் 3 டாலரிலிருந்து சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. 1974 கோடையில் அமெரிக்காவில் வங்கிகளுக்கிடையேயான ஒருநாள் வட்டி 13 சதவீதத்தை எட்டிப் பிடித்தது. அந்த ஆண்டின் இறுதியில் பணவீக்கம் 12 சதவீதத்தைத் தாண்டியது. 1975 மே மாதம் வேலையின்மை 9 சதவீதம். மூன்று திசைகளும் அட்டவணையில் உள்ளபடியே.

வோல்க்கர் கதைக்கு வருவோம். வட்டி உடனே ஏறியது. 1981-ல் ஒருநாள் வட்டி 20 சதவீதம் வரை போனது, வீட்டுக்கடன் வட்டி 18 சதவீதத்தைத் தாண்டியது. வீடு கட்டும் தொழில் படுத்துவிட்டது. வேலையிழந்த கட்டுமானக்காரர்கள் கோபத்தில் மரக்கட்டைத் துண்டுகளை வோல்க்கருக்குத் தபாலில் அனுப்பினார்கள். 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம்.

விலை மட்டும் அவசரப்படவில்லை. அறிவிப்புக்குப் பிறகும் ஏறி, 1980 மார்ச்சில் பணவீக்கம் 14.8 சதவீதத்தைத் தொட்டது. அன்றைக்கு அட்டவணையைக் கையில் வைத்திருந்தவர் அது பொய் என்று கிழித்துப் போட்டிருப்பார். ஆனால் 1983-ல் பணவீக்கம் 3 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது. வட்டி நாட்கணக்கில் அசையும், உற்பத்தி மாதக்கணக்கில், விலை வருடக்கணக்கில். மூன்று பதில்களையும் ஒரே நாளில் எதிர்பார்ப்பதுதான் செய்தி பார்ப்பவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘இறங்கும்’, ‘குறையும்’ என்பதெல்லாம் நேற்றோடு ஒப்பிட்டுச் சொல்வதல்ல. அந்த அதிர்ச்சி வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அதோடு ஒப்பிட்டுச் சொல்வது. 2022-ல் உக்ரைன் போரால் எண்ணெய் விலை எகிறியது. ஏப்ரலில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம். மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஏற்றத் தொடங்கியது. ஆனால் 2022-23-ல் உற்பத்தி குறையவில்லை, 7 சதவீதத்தை ஒட்டி வளர்ந்தது. கோவிட் பள்ளத்திலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்த பொருளாதாரம் அது. எண்ணெய் ஏறாமல் இருந்திருந்தால் இன்னும் வேகமாக எழுந்திருக்கும் என்பதுதான் அட்டவணை சொல்வது.

அட்டவணையின் உண்மையான பயன் அதைத் தலைகீழாகப் படிப்பதில் இருக்கிறது. மூன்று திசைகளைப் பார்த்துவிட்டு, நடந்தது எது என்று ஊகிக்கலாம். மூன்று அளவுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திசை. மொத்தம் எட்டுச் சேர்க்கைகள் சாத்தியம். அட்டவணையில் இருப்பது ஆறுதான். மீதி இரண்டு, தனியாக வரும் எந்த அதிர்ச்சிக்கும் பொருந்தாதவை. அவற்றில் ஒன்று: வட்டியும் உற்பத்தியும் குறைந்து, விலை மட்டும் ஏறுவது.

2020-21-ல் இந்தியா கண்டது அதைத்தான். மார்ச் இறுதியில் ஊரடங்கு. ரெப்போ வட்டி 5.15 சதவீதத்திலிருந்து மார்ச்சில் 4.40 ஆகவும், மே மாதம் 4 ஆகவும் வெட்டப்பட்டது. ஏப்ரல்-ஜூன் காலாண்டில் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 23.9 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு சொன்னது. இவ்வளவு பெரிய சரிவில் விலை இறங்கியிருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். பணவீக்கமோ அந்த நிதியாண்டில் சராசரியாக 6.2 சதவீதம், ரிசர்வ் வங்கிக்கு விதிக்கப்பட்ட 6 சதவீத உச்சவரம்புக்கும் மேலே.

விளக்கம், மூன்று வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதுதான். வருமானம் போய்விடுமோ என்ற பயத்தில் மக்கள் செலவைச் சுருக்கினார்கள், அது இரண்டாவது வரி. லாரிகள் ஓடவில்லை, பட்டறைகள் மூடிக் கிடந்தன, சென்னையின் கோயம்பேடு சந்தையே மே மாதம் மூடப்பட்டுக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. இது ஐந்தாவது வரி. ரிசர்வ் வங்கி பணத்தைத் தாராளமாக விட்டது மூன்றாவது வரி. உற்பத்தியை முதல் இரண்டும் கீழே இழுத்தன, மூன்றாவதால் அதைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. விலையில் ஐந்தாவது வரியின் கை ஓங்கியது. வட்டியில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து ஐந்தாவதைத் தோற்கடித்தன.

வணிகப் பக்கத்தில் இந்த மூன்று எண்களும் அட்டவணையின் எந்த வரிக்கும் பொருந்தாமல் நின்றால், ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிடும் நிபுணரை நம்ப வேண்டாம். அங்கே குறைந்தது இரண்டு காரணங்கள் வேலை செய்கின்றன.