பிரிக்காத பைக்குள் ஒரு வெள்ளைத் தூள்

அமெரிக்காவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் தபால்களைச் சோதிக்கும் சுங்க அதிகாரியின் மேசைக்கு ஒரு ஜிப்லாக் பை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வெள்ளைத் தூள். சர்க்கரையாக இருக்கலாம், ஆப்ப சோடாவாக இருக்கலாம், பொடித்த மாத்திரையாகவும் இருக்கலாம். ஃபென்டனிலாக இருந்தால் சங்கதியே வேறு. பழக்கமில்லாத ஒருவரின் உயிரைப் பறிக்க இரண்டே மில்லிகிராம் போதும். அதனால் பையைப் பிரித்து மோந்து பார்ப்பதெல்லாம் கூடாது.

முன்பு பையைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்து, சின்ன ரசாயனக் குப்பியில் போட்டுக் குலுக்கி, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அந்த முறை ஆளையும் ஆபத்தில் விட்டது, சில நேரம் பொய்யும் சொன்னது. 2015 டிசம்பரில் ஆர்லாண்டோ நகரில் ஒருவருடைய காரில் கிடந்த சில துணுக்குகளை அங்கேயே சோதித்த காவலர்கள், அது மெத்தம்ஃபெட்டமின் என்று சொல்லி அவரைக் கைது செய்தார்கள். ஆய்வகத்துக்குப் போன பிறகுதான் அது டோனட்டின் மேலே பூசிய சர்க்கரை என்று தெரிந்தது.

இப்போது பல இடங்களில் அந்தக் குப்பியின் இடத்தில் கையடக்கமான ஒரு ராமன் கருவி இருக்கிறது. அதன் மூக்கைப் பையின் மேல் அழுத்தி வைத்துப் பொத்தானைத் தட்டினால், சில நொடிகளில் திரையில் ஒரு பெயர் வரும். அந்தப் பெயரை எவ்வளவு நம்பலாம் என்பது அது எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது.

கருவிக்குள் ஒரு லேசர். பெரும்பாலும் 785 நானோமீட்டர் அலைநீளம், கண்ணுக்கு மங்கிய சிவப்பாகவே தெரியும், ஆனால் நேராகப் பட்டால் விழித்திரையைக் கெடுத்துவிடும். தூளில் பட்டுச் சிதறும் ஒளியில் கிட்டத்தட்ட எல்லாமே போன அலைநீளத்திலேயே திரும்பி வருகிறது. ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்று மட்டும் தன் ஆற்றலில் கொஞ்சத்தை மூலக்கூற்றின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு, வேறு அலைநீளத்தில் வெளியே வருகிறது. எவ்வளவு கொடுத்தது என்பது அந்த மூலக்கூற்றின் கட்டமைப்பைப் பொறுத்தது. ஆப்ப சோடாவில் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த பகுதி அதிரும்போது, அந்த இழப்பு 1046 அலையெண்ணாக இருக்கும். 785 நானோமீட்டரில் போன ஒளி சுமார் 855 நானோமீட்டரில் திரும்பும். இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் சில கூர்மையான கோடுகள் உண்டு. கருவி அவற்றைத் தன் நூலகத்தில் உள்ள கோடுகளோடு ஒப்பிடுகிறது. சாதாரண உப்புக்கு இந்த இடத்தில் கோடே கிடையாது. சோடியமும் குளோரினும் மட்டும் சேர்ந்த அந்தப் படிகம் ராமன் கருவி முன் வாயே திறக்காது.

பாலித்தீன் ஒளியை விடும். பை மெல்லியது, தூள் அதன் பின்னால் மில்லிமீட்டர் கணக்கில் குவிந்து கிடக்கிறது. அதனால் பையின் குரலைவிடத் தூளின் குரல் பெரிதாக இருக்க வேண்டும். இருக்காத நேரமும் உண்டு, நம் அதிகாரியின் முதல் முயற்சி அப்படித்தான் போனது. அவர் பையை மேசையில் கிடத்தி, நடுவில் கருவியை வைத்தார். திரையில் 1062, 1129, 1295, 1440 என்று அழகான கோடுகள், கீழே "பாலித்தீன்" என்ற பதில். கருவி பொய் சொல்லவில்லை. லேசர் குவியும் புள்ளிக்கு நேராகத் தூளே இல்லை, அது ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. பையைத் தட்டித் தூளை ஒரு மூலையில் சேர்த்து, அங்கே பிளாஸ்டிக்கை மடிப்பில்லாமல் இழுத்துப் பிடித்து, மூக்கை ஒட்டவைத்து மறுபடி பார்க்க வேண்டும். பழகியவர்கள் பொத்தானைத் தொடும் முன்பே இதைச் செய்துவிடுவார்கள்.

இரண்டாம் முயற்சியில் பாலித்தீன் கோடுகள் காணாமல் போயின, ஆனால் தூளின் கோடுகளும் வரவில்லை. திரையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரை ஒரு பெரிய மேடு. அதன் முதுகில் 1650க்குப் பக்கத்தில் ஏதோ சின்னப் புடைப்பு இருக்கிற மாதிரியும் தெரிகிறது, இல்லாத மாதிரியும் தெரிகிறது. "பொருத்தம் இல்லை" என்கிறது கருவி.

அந்த மேடுதான் உடனொளிர்வு, ஆங்கில வழக்கில் ஃப்ளூரசென்ஸ். தூளில் கலந்திருக்கும் ஏதோ ஒரு பொருள், பெரும்பாலும் நிறமுள்ள தாவர மிச்சமோ செய்முறையில் தங்கிய கழிவோ, லேசர் ஒளியை முழுதாக விழுங்கி, கொஞ்சம் கழித்து வேறு அலைநீளங்களில் உமிழ்கிறது. கொஞ்சம் என்றால் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவு. அந்தக் கலப்பு மிகக் குறைவாக இருந்தாலும் போதும், ஏனென்றால் ஒளியை விழுங்கி உமிழும் இந்த வேலை ராமன் சிதறலைவிடப் பல லட்சம் மடங்கு திறமாக நடக்கிறது. ராமன் கோடு ஒல்லியானது, இது அகலமானது. திரையைப் பார்த்தவுடனே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

இந்த இரண்டு ஒளிகளின் குழப்பம் கருவி வந்தபின் தொடங்கியதில்லை. 1923இல் கல்கத்தாவில் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் கே. ஆர். ராமநாதன் தண்ணீரில் சூரிய ஒளியைச் சிதறவிட்டபோது, இருக்கக் கூடாத நிறத்தில் ஒரு மெல்லிய ஒளி தெரிந்தது. அழுக்கினால் வரும் பலவீனமான உடனொளிர்வு என்றே எண்ணினார்கள். நீரைத் திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. 1928 தொடக்கத்தில், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், தூசி நீக்கிய திரவங்களிலும் ஆவிகளிலும் அதே ஒளியைப் பார்த்தார். அது வலுவாக முனைவாக்கம் பெற்றிருந்தது, அதாவது அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்ந்தன. வழக்கமான உடனொளிர்வு அப்படி நடந்துகொள்ளாது. சுமார் 60 திரவங்களில் பார்த்தபின், இது சிதறலின் புதிய வகை என்று ராமன் அறிவித்தார். ராமன் விளைவை அன்று உடனொளிர்வு என்று தவறாக நினைத்தார்கள். இன்று உடனொளிர்வு வந்து ராமன் விளைவை மறைக்கிறது.

மேட்டை மட்டும் கணக்கிட்டுக் கழித்துவிட்டால் கோடு தெரியாதா என்று கேட்கத் தோன்றும். கருவியின் மென்பொருளும் அதைத்தான் முதலில் செய்கிறது. படம் தட்டையாகி நேர்த்தியாகத் தெரியும், ஏமாற வைப்பதும் அந்த நேர்த்திதான். தகரக் கூரையில் மழை பெய்யும்போது சராசரி இரைச்சல் எவ்வளவு என்று சொல்லிவிடலாம், ஆனால் துளிகள் ஒரே சீராக விழுவதில்லை. அந்தப் படபடப்பைக் கழிக்க முடியாது. ஒளித்துகள்களும் அப்படியே வந்து விழுகின்றன. ஓரிடத்தில் மேட்டின் உயரம் 40,000 எண்ணிக்கை என்றால், அதன் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 200. நாம் தேடும் கோடு 150 உயரம். மேட்டை எடுத்துவிட்டாலும் 200 அளவு நடுக்கத்தில் 150 மூழ்கிவிடும். பத்து மடங்கு நேரம் பதிவு செய்தால் கோடு 1,500 ஆகும், நடுக்கம் சுமார் 630 தான் ஆகும். இப்போது கோடு தலைகாட்டும், ஆனாலும் அதை வைத்து ஒருவரைக் கைது செய்யும் தைரியம் எனக்கு வராது. பத்து மடங்கு காத்திருந்து கிடைத்தது மூன்று மடங்கு தெளிவு.

இன்னொரு வழி, லேசரை ஒரே இடத்தில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்துப் பொறுத்திருப்பது. உமிழும் மூலக்கூறுகள் சில அந்த ஒளியிலேயே சிதைந்து மேடு தணியும், ராமன் கோடு அப்படியே இருக்கும். வெள்ளைத் தூளுக்கு இது சரி. கருமையான தூளில் செய்யவே கூடாது. அது லேசரைக் குடித்துச் சூடேறும், பையைப் பொசுக்கும், வெடிமருந்தாக இருந்தால் பற்றிக்கொள்ளவும் கூடும்.

நம் அதிகாரிக்குப் பொறுமை குறைவு என்று வைப்போம். அவர் 1064 நானோமீட்டர் லேசர் உள்ள வேறு கருவியை எடுக்கிறார். அந்த ஒளியின் துகள் ஒவ்வொன்றிலும் ஆற்றல் குறைவு. அதை விழுங்கும் திராணி பெரும்பாலான மூலக்கூறுகளுக்கு இல்லை, விழுங்கவில்லை என்றால் உமிழ்வதும் இல்லை. இதற்கு விலை உண்டு. அலைநீளம் கூடக்கூட ராமன் சிதறல் வேகமாகக் குறைகிறது, 785இல் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே 1064இல் கிடைக்கும். வழக்கமான சிலிக்கான் உணரி சுமார் 1,100 நானோமீட்டருக்கு மேல் குருடு, அதனால் இரைச்சல் அதிகமுள்ள வேறு உணரி வேண்டும். பதிவு நேரமும் நீளும். அவ்வளவும் போக, மேடு இல்லாத படம் கிடைக்கிறது.

அதில் 797, 858, 1168, 1237, 1324, 1649 என்று கோடுகள் நிற்கின்றன. பாராசிட்டமால், சந்தேகமில்லை. 555இல் ஒரு கோடு மிச்சமிருக்கிறது, பாராசிட்டமாலுக்கு அங்கே வேலை இல்லை. அது காஃபீன். காஃபீனின் இன்னொரு பெரிய கோடு 1329இல் வரும், பாராசிட்டமாலின் 1324க்குள் ஒளிந்துகொள்ளும். 555 இல்லாவிட்டால் காஃபீனை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஹெராயினைப் பெருக்கிக் காட்டப் போதைப்பொருள் வியாபாரிகள் கலக்கும் ஜோடியும் இந்த இரண்டும்தான். ஆக, முதலில் வந்த மேடு எதனால் என்ற கேள்வி இப்போது கூர்மையாகிறது. பாராசிட்டமாலோ காஃபீனோ அப்படி ஒளிராது.

இரண்டின் கோடுகளையும் கழித்தபின் 1003 பக்கத்தில் ஒரு சிறு நெளிவு எஞ்சுகிறது. ஃபென்டனிலின் வலிமையான கோடு வரும் இடம் அதுதான். கொக்கெய்னின் கோடும் அதை ஒட்டியே வரும். ஒரே ஒரு கிளை ஒட்டிய பென்சீன் வளையம் உள்ள பொருள்கள் பலவற்றுக்கும் அங்கே கோடு உண்டு. அந்த ஒரு நெளிவை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. கலவையில் சில சதவீதத்துக்கும் கீழே இருக்கும் பொருளைக் கையடக்கக் கருவி பெரும்பாலும் தவறவிடும், ஃபென்டனிலோ ஒரு சதவீதம் இருந்தாலே கொல்லும். திரையில் "பாராசிட்டமால்" என்று பச்சை நிறத்தில் வரும் பதிலுக்கு, அதிகம் இருப்பது பாராசிட்டமால் என்பதுதான் பொருள். வேறு எதுவும் இல்லை என்று கருவி சொல்லவில்லை.

அடுத்த படி ஆய்வகத்தில், காற்று உறிஞ்சும் பெட்டிக்குள். தூளில் துளியை நீரில் கரைத்து வெள்ளி அல்லது தங்க நுண்துகள் பூசிய பட்டையில் விட்டால், உலோகத்தை ஒட்டிய மூலக்கூறுகளின் ராமன் ஒளி பல மடங்கு பெருகும், உடனொளிர்வும் தணியும். பிறகு வாயு நிறப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் சேர்ந்த கருவி, கலவையைப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக எடைபார்க்கும். நீதிமன்றம் கேட்பது அந்தத் தாளைத்தான். பையோடு அதிகாரி அனுப்பும் குறிப்பில் இருக்க வேண்டியது இவ்வளவு: 1064இல் பாராசிட்டமால், காஃபீன் தெரிந்தன; 785இல் உடனொளிர்வு அதிகம்; 1003இல் விளங்காத நெளிவு; ஃபென்டனில் இல்லை என்று சொல்ல இயலாது.